குடியரசைக் கொன்றவர் யார்?



ரோமாபுரிக் குடியரசு மாண்ட கதையை நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஜூலியஸ் சீசர் என்று ஒரு மாவீரன் இருந்தானாம்; அவனுக்குப் பதவி மோகம் தலைக்கேறிற்றாம்; கி.மு. 49-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ரூபிகான் என்னும் சிற்றாற்றைப் படையோடு கடந்தானாம். அன்றோடு குடியரசு செத்ததாம். ஓர் ஆறு, ஓர் ஆள், ஓர் இரவு. தேர்வுத்தாளில் எழுதுவதற்கு எத்துணை வசதியான கதை! குற்றவாளி ஒருவனே, அவனும் கத்திக்குத்துப்பட்டு இறந்துவிட்டான், வழக்கு முடிந்தது.

வழக்கு முடியவில்லை, தோழர்களே. சீசர் ரூபிகானைக் கடப்பதற்கு 39 ஆண்டுகளுக்கு முன்பே, ரோமானியத் தளபதி ஒருவன் ரோமானியப் படையை நடத்திக்கொண்டு ரோமாபுரிக்குள்ளேயே நுழைந்துவிட்டான். அவன் பெயர் சுல்லா. அவன் நாடு கடத்தப்பட்டவனல்லன். கொள்ளைக் கூட்டத் தலைவனுமல்லன். சட்டப்படி தேர்ந்தெடுக்கப்பட்டு, அந்த ஆண்டுக்கு நாட்டை ஆளும் இரண்டு கான்சல்களில் ஒருவனாக வீற்றிருந்தவன். செனட் சபையின் சீமான்களுக்கு அவன் வேண்டாதவனுமல்லன், அவர்களுள் ஒருவன். ஆகவேதான் சீமான்கள் எழுதிய வரலாறு சீசரின் ஆற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. சுல்லா நடந்த பாதையைப் பற்றிப் பேசும்போது தொண்டையைக் கனைத்துக்கொள்கிறது.

அந்தப் பாதைக்குத்தான் உங்களை அழைத்துச் செல்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்கவேண்டும். நாட்டுக்காக ஆயுதம் ஏந்திய வீரன், நாட்டின் தலைநகரை நோக்கியே அந்த ஆயுதத்தைத் திருப்பினான் என்றால், அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் யார்?

பழைய ரோமாபுரியில் படைவீரன் என்றால் உழவன் என்று பொருள். நிலமோ உடைமையோ ஓரளவு உள்ளவனுக்குத்தான் படையில் இடம். வாளும் கேடயமும் அவனே வாங்கிக்கொள்ள வேண்டும். கோடையில் போர், அறுவடைக்கு வீடு. அவனுக்குத் தளபதி தேவைப்பட்டது போர்க்களத்தில் மட்டும். போர் முடிந்தால் அவனுக்குச் சொந்த நிலம் இருந்தது, சொந்த வாக்கு இருந்தது. தளபதியின் முகத்தைப் பார்த்து வாழவேண்டிய நிலை அவனுக்கு இல்லை.

பின்னர் ரோமாபுரி கடல் கடந்தது. ஸ்பெயினிலும் கிரேக்கத்திலும் ஆப்பிரிக்காவிலும் போர். ஒரு கோடைக்குச் சென்றவன் ஆறு ஆண்டுகள் திரும்பவில்லை. அவன் திரும்பி வந்தபோது பல ஊர்களில் வயல் கடனில் மூழ்கிக் கிடந்தது. பக்கத்துச் சீமான் அதை வாங்கிப்போட்டு, அந்த வீரனே போரில் பிடித்துக்கொடுத்த அடிமைகளைக் கொண்டு உழுதுகொண்டிருந்தான். நாட்டை வென்றவன் வீட்டை இழந்தான்! இதைச் சரிசெய்ய முயன்றான் டைபீரியஸ் கிராக்கஸ். பொதுநிலத்தை அளவுக்குமேல் வளைத்துப்போட்டவர்களிடமிருந்து மிகுதியை மீட்டு ஏழைகளுக்குக் கொடுக்கச் சட்டம் செய்தான். அவனுக்குக் கிடைத்த பரிசு என்ன? கி.மு. 133-இல் செனட் உறுப்பினர்களே உடைந்த பலகைகளையும் தடிகளையும் ஏந்திவந்து, அவனையும் அவனோடு இருந்த ஏறத்தாழ 300 பேரையும் அடித்துக்கொன்று, உடல்களை டைபர் ஆற்றில் எறிந்தார்கள். பத்தாண்டுகள் கழித்து அவன் தம்பி கேயஸ் கிராக்கஸ் எழுந்தான், அவனும் கி.மு. 121-இல் அதே வழியில் அனுப்பப்பட்டான்.

நிலம் கொடுக்க மறுத்தாகிவிட்டது. ஆனால் போர் நிற்கவில்லை. போருக்கு ஆள் வேண்டுமே! உடைமை இருந்தால்தான் படையில் இடம் என்ற தகுதி படிப்படியாகக் குறைக்கப்பட்டது. கி.மு. 107-இல், ஆப்பிரிக்காவில் ஜுகுர்த்தா மன்னனோடு நடந்த போருக்குப் படை திரட்டிய கான்சல் மேரியஸ், கதவை முழுதாகத் திறந்துவிட்டான். கணக்கெடுப்பில் தலையாக மட்டும் எண்ணப்பட்டவன், தலையைத் தவிர வேறு உடைமை இல்லாதவன், விருப்பமிருந்தால் வரலாம் என்றான். வந்தார்கள். இதை அந்நாளைய சீமான்கள் ஏதோ மேரியஸ் ஒரே இரவில் செய்த சூழ்ச்சி என்று பேசினார்கள், அது மிகை. இன்றைய ஆராய்ச்சியாளர்கள் காட்டுவதுபோல, மாற்றம் மெல்லத்தான் வந்தது. கட்டாய ஆட்சேர்ப்பும் அதன் பிறகு தொடரவே செய்தது. ஆனாலும் போர் முடிந்த மறுநாள் போக்கிடமில்லாத வீரர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் என்று அரசு எழுதிவைத்த சட்டம் எதுவும் கிடையாது. கி.மு. 103-இல் மேரியஸின் வீரர்களுக்கு ஆப்பிரிக்காவில் நிலம் கிடைத்தது. செனட்டின் கருணையால் அன்று, மேரியஸின் கூட்டாளியான ஒரு டிரிப்யூன், அதாவது மக்கள் காவலன், அடிதடிக்கு நடுவே சட்டத்தை நிறைவேற்றியதால். வீரன் ஒரு பாடம் கற்றுக்கொண்டான். அரசு கொடுக்காது, தளபதி வாங்கிக்கொடுப்பான்.

இனி சுல்லாவுக்கு வருவோம். கி.மு. 88. இத்தாலிய நேச நாடுகளோடு நடந்த உள்நாட்டுப் போர் அடங்கிக்கொண்டிருந்தது. கம்பானியாப் பகுதியில் நோலா என்னும் ஊரை முற்றுகையிட்டபடி ஆறு லீஜியன்கள் இருந்தன. லீஜியன் என்பது சில ஆயிரம் வீரர் கொண்ட பெரும்படைப் பிரிவு. அவற்றின் தலைவன் சுல்லா. கிழக்கே, மித்ரிடேட்டீஸ் என்னும் மன்னன் ஆசியாவில் ரோமானியருக்கு எதிராக எழுந்துவிட்டான். அந்தப் போரை நடத்தும் பொறுப்பு முறைப்படி சுல்லாவுக்கே வந்தது. ஆசியா பொன் விளையும் பூமி. அங்கே போர் என்றால் வீரனுக்குக் கொள்ளைப்பொருள் என்று பொருள். நோலாவின் கூடாரங்களில் அந்தக் கணக்கு ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது.

அப்போது நகரில் சல்ப்பீஷியஸ் என்ற டிரிப்யூன், மேரியஸோடு உடன்பாடு செய்துகொண்டான். தெருச் சண்டை மூண்டது. உயிருக்கு அஞ்சிய சுல்லா, மேரியஸின் வீட்டிலேயே புகுந்து தப்பித்தான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். அவன் நகரை விட்டு அகன்றதும் மக்கள் மன்றத்தில் புதுச் சட்டம் பிறந்தது: ஆசியப் போரின் தலைமை சுல்லாவிடமிருந்து பிடுங்கப்பட்டு மேரியஸுக்கு வழங்கப்பட்டது. மேரியஸுக்கு அப்போது வயது எழுபதை நெருங்கிவிட்டது. பதவியிலும் அவன் இல்லை. சட்டம் நிறைவேறிய முறை அழகானதன்று என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அது மன்றத்தின் சட்டம்.

சுல்லா என்ன செய்தான்? நோலாவுக்கு விரைந்தான், வீரர்களைக் கூட்டினான், தனக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பைச் சொன்னான். ரோமாபுரிமீது படையெடுப்போம் என்று அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. கட்டளைக்கு ஆயத்தமாயிருங்கள் என்று மட்டுமே சொன்னான். சொல்லாததை வீரர்கள் புரிந்துகொண்டார்கள். மேரியஸ் ஆசியாவுக்குப் போனால் வேறு ஆட்களைத் திரட்டிக்கொண்டு போவான். பொன்னும் பொருளும் அவர்களுக்குப் போகும். நமக்கு நோலாவின் புழுதிதான் மிச்சம். எங்களை ரோமாபுரிக்கு நடத்திச் செல் என்று அவர்களே கூவினார்கள். படையை ஏற்றுக்கொள்ள மேரியஸ் அனுப்பிய படைத்தலைவர்கள் வந்து சேர்ந்தபோது, அவர்களைக் கல்லால் அடித்தே கொன்றார்கள்.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால், இதை வையுங்கள். சுல்லா நகரை நோக்கி அடியெடுத்து வைத்ததும், அவனுடைய படையின் உயர் அதிகாரிகள், அத்தனை பேரும் செல்வக் குடியினர், அவனை விட்டு ஓடிவிட்டார்கள். தாய்நாட்டின்மீது படை நடத்த எங்களால் ஆகாது என்று சென்றுவிட்டார்கள். உடன் நின்றவன் குவெஸ்டர் என்னும் நிதி அதிகாரி ஒருவன் மட்டுமே. ஆனால் படை குறையவில்லை! ஆறு லீஜியன்களும் அப்படியே நடந்தன. அதிகாரிக்கு ரோமாபுரியில் மாளிகை இருந்தது, தோட்டம் இருந்தது, செனட்டில் இருக்கை காத்திருந்தது. குடியரசு அவனுக்குச் சொத்து. வீரனுக்குக் குடியரசு எதைக் கொடுத்தது, அதைக் காப்பதற்கு அவன் தயங்குவதற்கு?

வழியில் செனட்டின் தூதராகப் பிரீட்டர் பதவியில் இருந்த இருவர் வந்து தடுத்தார்கள். வீரர்கள் அவர்களுடைய பதவிச் சின்னமான கோல்கட்டுகளை முறித்தார்கள். விளிம்பிட்ட மேலாடையைக் கிழித்து விரட்டினார்கள். தாய்நாட்டின்மீது ஏன் படை நடத்துகிறாய் என்று கேட்கப்பட்டபோது, கொடுங்கோலரிடமிருந்து அதை விடுவிக்க என்றானாம் சுல்லா. விடுவிக்க! இந்தச் சொல்லை இதற்குப் பின்னும் ஒவ்வொரு தளபதியும் சொல்லக் கேட்போம்.

நகருக்குள் ஆயுதம் தாங்கிய படை நுழையக் கூடாது என்பது ரோமானியரின் தொன்மையான, தெய்வத்தன்மை வாய்ந்த விதி. அந்த விதி அன்று எஸ்குவிலைன் வாயிலில் மிதிபட்டது. காக்கப் படையில்லாத நகரத்து மக்கள், கூரைகளில் ஏறி ஓடுகளைப் பிடுங்கிப் படைமீது வீசினார்கள். சுல்லா தீப்பந்தத்தைக் கையிலெடுத்தான். நெருப்பு அம்புகளை வீடுகளின்மீது ஏவச் சொன்னான். மாலைக்குள் நகரம் அவனுடையது. சல்ப்பீஷியஸ், மேரியஸ் உள்ளிட்ட பன்னிருவர் நாட்டின் பகைவர் என்று அறிவிக்கச் செய்தான். செனட் சபை அஞ்சி அடங்கி ஒப்பியது. ஸ்கேவோலா என்ற முதியவர் ஒருவர் மட்டும், மேரியஸைப் பகைவன் என்று சொல்ல என் நா எழாது என்று மறுத்தார். சல்ப்பீஷியஸ் பிடிபட்டான், அவன் தலை வெட்டப்பட்டு, அவன் நின்று பேசிய அதே மேடையில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

குடியரசு அன்றே மாண்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரகசியம் ஒன்று அன்று வெளியாகிவிட்டது. வெளியான இரகசியத்தை யாராலும் மீண்டும் மூடிவைக்க முடியாது. அதே ஆண்டிலேயே, சுல்லாவின் உடன் கான்சலான பாம்பியஸ் ரூஃபஸ், ஸ்டிராபோ என்ற தளபதியிடமிருந்து படையைப் பெற்றுக்கொள்ளச் சட்டப்படி சென்றான். அவன் பேச்சைக் கேட்பதுபோல் சூழ்ந்து நின்ற வீரர்களே அவனைக் கொன்றார்கள். ஸ்டிராபோ வந்தான், கான்சல் கொலையுண்டது குறித்துச் சினந்ததுபோல் காட்டிக்கொண்டான், பிறகு மறுபடியும் தலைமையை ஏற்றுக்கொண்டான். எவரும் தண்டிக்கப்படவில்லை. மறு ஆண்டு, பதவி பறிக்கப்பட்ட கான்சல் சின்னா கம்பானியாவுக்குச் சென்று, படையினர் முன் ஆடையைக் கிழித்துக்கொண்டு அழுதான். அவர்கள் அவனைத் தூக்கி நிறுத்தி உறுதிமொழி கொடுத்தார்கள். அவனும் ரோமாபுரிமீது படை நடத்தினான். இந்தச் சின்னாவையே கி.மு. 84-இல், பிடிக்காத போருக்குக் கடல் கடக்கச் சொன்னதற்காக, அவன் வீரர்களே கொன்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தளபதிமீது வீரனுக்கிருந்த பற்று பக்தியன்று, பேரம்.

கிழக்கிலிருந்து திரும்பிய சுல்லா மீண்டும் ஒரு போரில் வென்று, சர்வாதிகாரியாகி, கொல்லப்பட வேண்டியவர் பட்டியல்களைப் பொது இடத்தில் எழுதி ஒட்டினான். பகைமை காட்டிய ஊர்களின் நிலங்களைப் பறித்துத் தன் வீரர்களைக் குடியேற்றினான். அவ்வளவும் செய்தபின் ஒரு சட்டமும் இயற்றினான் பாருங்கள்: மாகாணத் தளபதி எவனும் தன் எல்லையைத் தாண்டிப் படையை வெளியே நடத்தக் கூடாது, நடத்தினால் அது நாட்டுத் துரோகம்! ஏணியில் ஏறியவன் ஏணியைத் தடைசெய்து சட்டம் போட்டான். வீரனின் வயிற்றுக்கு மட்டும் சட்டம் எழுதவில்லை.

சுல்லா கொடியவன், அவன் வழி வேறு. செனட் சபை தன் தவற்றைத் திருத்திக்கொள்ள வாய்ப்பே கிடைக்கவில்லையா என்று கேட்கலாம். கிடைத்தது. தங்கத் தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டது.

கி.மு. 62-ஆம் ஆண்டின் இறுதி. மித்ரிடேட்டீஸை முடித்து, கிழக்கையெல்லாம் வென்ற பாம்பி, வெற்றிப்படையோடு பிரிண்டிசி துறைமுகத்தில் இறங்கினான். இவன்தான் இன்னொரு சுல்லா என்று ரோமாபுரி நடுங்கிற்று. அவனோ படையைக் கலைத்தான்! வீட்டுக்குப் போங்கள் என்று வீரர்களை அனுப்பிவிட்டு, குடிமகனாக நகருக்கு நடந்தான். சட்டத்தை மதித்த தளபதி ஒருவன் கிடைத்துவிட்டான். அவன் கேட்டது என்ன? கிழக்கில் தான் செய்த ஏற்பாடுகளுக்கு ஒப்புதல். தன் வீரர்களுக்கு நிலம்.

நிலத்துக்குப் பணம் எங்கே என்று சொல்வதற்கும் வழியில்லை. கி.மு. 60-இல் ஃபிளேவியஸ் என்ற டிரிப்யூன் கொண்டுவந்த சட்டம் அதற்கும் விடை சொல்லிற்று: பாம்பியின் வீரர்கள் வென்ற நாடுகளிலிருந்து ஐந்தாண்டுகளுக்கு வரும் புதிய வருவாயில் நிலம் வாங்கலாம். சீமானின் பையிலிருந்து ஒரு காசு வேண்டாம். ஆயினும் செனட் மறுத்தது. இதனால் பாம்பியின் செல்வாக்கு வளர்ந்துவிடுமாம்! கான்சல் மெட்டெல்லஸ் கெலர் எதிர்த்தான். டிரிப்யூன் அவனைச் சிறையிலடைத்தான். அவன் செனட்டைச் சிறைக்கே கூட்டினான். டிரிப்யூன் வாயிலில் தன் இருக்கையைப் போட்டு வழிமறித்தான். உறுப்பினர் உள்ளே வரச் சிறைச்சுவரை இடிக்கச் சொன்னான் கான்சல். வெட்கிப்போன பாம்பியே அவனை விடச் சொன்னான், சட்டம் கைவிடப்பட்டது. சட்டத்தை மதித்ததற்குக் கூலி இதுதான்.

இந்த எதிர்ப்பின் முன்னணியில் நின்ற கேட்டோவை இன்றும் பலர் குடியரசின் புனிதராகப் போற்றுகிறார்கள். கை சுத்தமானவன்தான், அஞ்சாதவன்தான். ஆனால் தன் வர்க்கத்தின் வயல்வரப்பைத்தான் அவன் குடியரசின் எல்லை என்று எண்ணினான். மறு ஆண்டு, கி.மு. 59-இல், கான்சலான சீசர் நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, அதில் குறை சொல்ல எவராலும் முடியவில்லை. ஆனாலும் கேட்டோ பேசிப் பேசியே பொழுதைக் கழித்துத் தடுத்தான். சீசர் மக்கள் மன்றத்துக்குப் போனான். பாம்பி பக்கத்தில் நின்றான். அவனுடைய பழைய வீரர்கள் மைதானத்தை நிரப்பினார்கள். எதிர்த்த உடன் கான்சல் பிபுலஸின் தலையில் சாணக்கூடையைக் கவிழ்த்தார்கள். சட்டம் நிறைவேறிற்று. வீரனுக்கு நிலம் கிடைத்தது, செனட்டைத் தோற்கடித்து. அந்தச் சீசருக்குத்தான் பின்னர் கால் நாடு, பத்தாண்டுத் தலைமை, அவனே திரட்டிய புதுப் படைகள். வீரனின் சம்பளத்தை இரட்டிப்பாக்கியவனும் அவனே.

இப்போது ரூபிகானுக்கு வாருங்கள். அவனோடு அங்கே இருந்தது 13-ஆம் லீஜியன் ஒன்றுதான். சுல்லா நகரை நோக்கித் திரும்பியபோது உடன் நின்ற அதிகாரி ஒருவன் என்றேன் அல்லவா? சீசர் திரும்பியபோது விட்டுச்சென்ற பெயர்பெற்ற அதிகாரி ஒருவன்: லேபியேனஸ். அவனுடைய பணத்தையும் மூட்டை முடிச்சுகளையும் சீசர் பின்னாலேயே அனுப்பிவைத்தான். அன்று ஒருவன் தவிர எல்லோரும் ஓடினார்கள். இன்று ஒருவன் தவிர எல்லோரும் நின்றார்கள். 39 ஆண்டுகளில் குடியரசு தேய்ந்த அளவை இதைவிடத் துல்லியமாக அளக்கும் கோல் எனக்குத் தெரியவில்லை. ஏழை வீரன் கி.மு. 88-லேயே குடியரசைக் கைகழுவிவிட்டான். அவனுக்கு மேலிருந்தவனும் கி.மு. 49-இல் கழுவிவிட்டான்.

சீசரைக் குத்திக்கொன்றவர்கள் குடியரசு மீண்டுவிட்டது என்று முழங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் வந்தது ஏலம். கி.மு. 44-இல் பிரிண்டிசியில் இறங்கிய லீஜியன்களுக்கு ஆண்டனி தலைக்கு 100 தினாரி தருவதாகச் சொன்னான், வீரர்கள் சிரித்தார்கள். சீசரின் வளர்ப்பு மகன் ஆக்டேவியன், 19 வயதுப் பிள்ளை, எந்தப் பதவியும் இல்லாதவன், 500 தினாரி கொடுத்தான். அது வீரனின் இரண்டாண்டுச் சம்பளத்துக்கும் மேல். இரண்டு லீஜியன்கள் அவனிடம் தாவின. சட்டத்தின் காவலரான சிசரோ, இந்தத் தனியார் படையைச் செனட்டின் படையாக்கி வாழ்த்தினார். பையனைப் பயன்படுத்திக்கொண்டு ஒதுக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. கி.மு. 43-இல் பையனின் படையிலிருந்து வந்த தூதுக்குழு, அவனைக் கான்சலாக்கு என்று செனட்டில் கேட்டது. தயங்கினார்கள். கொர்னீலியஸ் என்ற படைத்தலைவன் மேலாடையை விலக்கி வாளின் கைப்பிடியைக் காட்டி, நீங்கள் செய்யாவிட்டால் இது செய்யும் என்றானாம். எட்டு லீஜியன்கள் வந்தன, பையன் கான்சலானான். அந்த ஆண்டின் டிசம்பரில், சல்ப்பீஷியஸின் தலை இருந்த அதே பேச்சு மேடையில் சிசரோவின் தலை வைக்கப்பட்டது.

எஞ்சியது எதிரிகளைத் தீர்த்துக்கட்டும் வேலைதான். கி.மு. 27-இல் ஆக்டேவியன் அகஸ்டஸ் ஆனான். செனட் இருந்தது, கான்சல்கள் இருந்தார்கள், தேர்தல்கூட நடந்தது. படைகள் நிறைந்த மாகாணங்கள் மட்டும் அவன் கையில் இருந்தன.

நூறாண்டுக் காலம் செனட் சபை எதைச் செய்ய மறுத்ததோ, அதை அந்த ஒற்றை மனிதன் கி.பி. 6-இல் செய்தான். ஓய்வுபெறும் வீரர்களுக்கென்று தனிக் கருவூலம் நிறுவினான். தன் பணத்திலிருந்து 17 கோடி செஸ்டர்ஸ் போட்டான். லீஜியன் வீரனுக்கு ஓய்வின்போது 12,000 செஸ்டர்ஸ் என்று விதித்தான். தொடர்ந்து பணம் வர, உயிலின்வழி வரும் சொத்துக்கு நூற்றுக்கு ஐந்து வரி. நெருங்கிய உறவினருக்கும் ஏழைகளுக்கும் விலக்கு. இவ்வளவுதான், தோழர்களே. நூற்றுக்கு ஐந்து! இதைத் தாங்களே தங்கள்மீது விதித்துக்கொண்டிருந்தால், தளபதியின் வாயிலில் வீரன் நின்றிருக்க மாட்டான்.

செனட் உறுப்பினர்கள் அப்போதும் முணுமுணுத்தார்கள். கி.பி. 13-இல் அந்த வரி வேண்டாம் என்று எதிர்ப்பு வலுத்தது. அகஸ்டஸ் வாதாடவில்லை. வேறு வழி இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்றான். பிறகு, அவர்களுடைய நிலங்களையும் வீடுகளையும் மதிப்பிட்டு வரி போடுவதற்காக ஆட்களை அனுப்பினான். நூற்றுக்கு ஐந்தே போதும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.